பழைய கணக்குக்கு மறுபடியும் கேஒய்சி: வீடியோ அழைப்பை எப்படிக் கடப்பது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும்

மாமாவின் போனில் அந்தச் செய்தி மூன்று முறை வந்திருந்தது. "உங்கள் அடையாள விவரங்களைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது" என்று தொடங்கும், கீழே ஒரு லிங்க் இருக்கும். மூன்றையும் அழித்துவிட்டார். "டேய், எட்டு வருஷமா அந்தக் கணக்கு வெச்சிருக்கேன். இப்ப வந்து நீ யாருன்னு கேக்கறான்னா அது ஃபிராடுதானே?" என்றார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அந்தச் செய்தி உண்மையானது என்பது, கணக்கிலிருந்து பணம் அனுப்ப முடியாமல் போன நாளில்தான் தெரிந்தது.

அதைச் சரிசெய்ய அவரோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். கேஒய்சி என்பது வாடிக்கையாளர் யார் என்று நிறுவனம் உறுதிசெய்யும் அடையாளச் சரிபார்ப்பு. முதல்முறையாக இந்த அறிவிப்பைப் பார்த்து விழிப்பவர்களுக்காக, அப்போது செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வங்கிக் கணக்கு, பணப்பை ஆப், முதலீட்டுக் கணக்கு, கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் என்று எதுவானாலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

ஏற்கெனவே கொடுத்ததை ஏன் மறுபடி கேட்கிறார்கள்

கணக்கு திறந்த அன்று நீங்கள் கொடுத்த ஐடி, முகவரி, தொழில் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. அதன் பிறகு ஐடி காலாவதியாகியிருக்கும், வீடு மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும். கோப்பு மட்டும் அப்படியே இருக்கும். பணமோசடித் தடுப்புக்கான உலகளாவிய அமைப்பான எஃப்ஏடிஎஃப் தன் 10-ஆவது பரிந்துரையில், வாடிக்கையாளரைத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது, உறவு நீடிக்கும் வரை விவரங்களைப் புதிதாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்கின்றன, நிறுவனங்கள் அதன்படி நம்மைத் துரத்துகின்றன.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது, உங்களை எந்த ஆபத்து வகையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதிப்படி அதிக ஆபத்து என்று வகைப்படுத்தியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரம் என்றால் 8 ஆண்டுக்கு ஒருமுறை, குறைவு என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2027 ஜூலையில் நடைமுறைக்கு வரும்போது, அங்கே அதிக ஆபத்துள்ளவர்களுக்கு ஓராண்டும் மற்றவர்களுக்கு ஐந்தாண்டும்தான் உச்சவரம்பு. 'ஆபத்து' என்ற சொல்லைப் பார்த்து மனம் நோக வேண்டாம். அது உங்கள் குணத்தைப் பற்றியதல்ல. தொழில், பணம் வரும் வழி, எந்தெந்த நாடுகளோடு பரிமாற்றம் என்பவற்றை வைத்துப் போடும் பட்டியல்தான்.

தவணை வருவதற்கு முன்பே கேட்பதும் உண்டு. கோப்பிலுள்ள பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் நெருங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகை வந்தாலோ, வேறு நாட்டிலிருந்து திரும்பத் திரும்ப லாகின் செய்தாலோ கேள்வி வரும்.

முதல் வேலை: அறிவிப்பு நிஜமா என்று பார்ப்பது

லிங்கைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போனிலிருக்கும் ஆப்பை நீங்களாகத் திறங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தளத்துக்குப் போங்கள். உண்மையான மறுசரிபார்ப்பு என்றால் லாகின் செய்தவுடன் மேலே ஒரு பட்டையாகவோ, சுயவிவரப் பக்கத்தில் ஒரு குறிப்பாகவோ அதே செய்தி இருக்கும். உள்ளே எதுவும் இல்லாமல் வெளியே மட்டும் செய்தி வருகிறது என்றால் மோசடி என்றே வைத்துக்கொண்டு, தளத்தில் போட்டிருக்கும் உதவி எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

மோசடிக்காரர்களுக்கு இந்த கேஒய்சி என்ற சொல் மிகவும் பிடிக்கும். "இன்றிரவுக்குள் கணக்கு முடங்கும்" என்று மிரட்டுவார்கள், போனில் ஒரு ஆப்பை நிறுவச் சொல்வார்கள், திரையைப் பகிரச் சொல்வார்கள். உண்மையான சரிபார்ப்பில் கடவுச்சொல், ஏடிஎம் பின் இவற்றைக் கேட்கவே மாட்டார்கள். "சோதனைக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள்" என்பதும் இருக்காது. ஓடிபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. சில வீடியோ சரிபார்ப்புகளில் நம் போனுக்கு ஒரு எண் வரும், அதை அந்தப் பக்கத்திலேயே உள்ள கட்டத்தில் நாம் தட்டச்சு செய்வோம். அது சரியான முறை. ஆனால் தானாக அழைத்த ஒருவர் "எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைச் சொல்லுங்க சார்" என்றால் அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டியுங்கள்.

இந்தியாவில் 2025-இல் வந்த திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. தவணைக்கு முன்பு குறைந்தது மூன்று அறிவிப்புகள், தவணை தாண்டினால் மேலும் மூன்று நினைவூட்டல்கள் தர வேண்டும், இரண்டு சுற்றிலும் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கும் கடிதம் போயிருந்தது. பழைய வீட்டுக்கு.

இரண்டாவது வேலை: கோப்பையும் ஐடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது

பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிவிட்டு நேரே கேமரா முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் வீடியோ அழைப்பு கெட்டுப்போவது கேமராவால் அல்ல, இங்கே விட்ட பிழையால்தான்.

ஆப்பின் சுயவிவரப் பக்கத்தைத் திறங்கள். காட்டப்போகும் ஐடியை மேசையில் வையுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, ஐடி எண், காலாவதி நாள், போன் எண், மின்னஞ்சல் ஆகியவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பெயரில்தான் தமிழர்களுக்குச் சிக்கல். நம் பெயரில் இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. படிவங்களோ 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டத்தை நீட்டும். கணக்கு திறந்த அன்று ஒருவர் முதல் கட்டத்தில் தன் பெயரையும் கடைசிக் கட்டத்தில் இனிஷியலையும் போட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து தந்தை பெயர் முழுதாக வந்திருக்கும். இன்னொரு அட்டையில் இனிஷியல் பின்னால் நிற்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு மூன்று பேர். மாமா விஷயத்தில் நடந்ததும் இதுதான்: கணக்கில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் தாத்தாவின் முழுப்பெயர்.

இப்படி வேறுபாடு இருந்தால் வீடியோவுக்கு முன்பே பெயர்த் திருத்தக் கோரிக்கை கொடுங்கள். இரண்டு வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று காட்டும் ஆவணம் எது ஏற்கப்படும் என்று உதவிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஐடி காலாவதியாகியிருந்தால் வீடியோவுக்கே போகாதீர்கள். புதியதை வாங்கிய பிறகு போவதுதான் வேகமான வழி.

ஒப்பிட்டுப் பார்த்ததில் எதுவுமே மாறவில்லை என்றால் உங்களுக்கு வீடியோவே தேவைப்படாமல் போகலாம். "விவரங்களில் மாற்றமில்லை" என்று ஒரு சுய அறிவிப்பை ஆப்பிலோ பதிவுசெய்த மின்னஞ்சலிலோ தந்தால் போதும் என்ற வசதி பல இடங்களில் உண்டு. இந்திய வங்கிகளில் தனிநபர் வாடிக்கையாளருக்கு இது விதியிலேயே இருக்கிறது. முகவரி மட்டும் மாறியிருந்தால் புதிய முகவரியையும் சுய அறிவிப்பாகத் தரலாம், வங்கி இரண்டு மாதத்துக்குள் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எனவே 'வீடியோ கேஒய்சி' பொத்தானை அழுத்தும் முன் பக்கத்தில் இந்த வழி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது வேலை: அழைப்புக்குத் தயாராவது

அசல் ஐடி கையில் இருக்க வேண்டும். நகல், போனில் எடுத்த படம், இன்னொரு திரையில் காட்டும் கோப்பு எதுவும் செல்லாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், உறை வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டிவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பக்கத்திலிருந்து பதில் எடுத்துக்கொடுத்தால், உங்களை யாரோ இயக்குகிறார்கள் என்று கருதி அழைப்பை நிறுத்திவிடுவார்கள். மாமாவின் முதல் அழைப்பு முறிந்தது என்னால்தான். பிறந்த தேதி கேட்டபோது அவர் யோசிக்க, நான் ஓரமாக நின்று உதடசைத்தேன். கேமராவில் அவர் கண் என் பக்கம் போவது அப்பட்டமாகத் தெரிந்திருக்கிறது.

இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கேமரா, மைக், இருப்பிடம் மூன்றுக்கும் அனுமதி கொடுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த நாட்டுக் கணக்கைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தியாவின் வீடியோ முறையில் வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்க வேண்டும் என்பதே விதி. அது உங்கள் போன் கோளாறு அல்ல. பத்து முறை முயன்றாலும் திறக்காது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வழி என்று கேட்டு அதன்படி போக வேண்டும்.

அழைப்பில் நடப்பது என்ன

இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் எதிரே ஓர் ஊழியர் இருப்பார். இன்னொன்றில் ஆள் இல்லை, திரையே கட்டளையிடும். இரண்டும் சோதிப்பது மூன்றே விஷயங்களை: ஐடி அசலா, ஐடியிலுள்ள முகம் உங்களுடையதா, நீங்கள் இந்த நொடியில் உயிரோடு கேமரா முன் இருக்கிறீர்களா.

ஊழியர் முதலில் பதிவு செய்ய ஒப்புதல் கேட்பார். "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு அட்டையைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொல்வார், அடுத்து மெதுவாகச் சாய்க்கச் சொல்வார். சாய்க்கும்போது ஹாலோகிராம் நிறம் மாற வேண்டும், அச்சிட்ட நகலில் அது மாறாது. அட்டையின் குறுக்கே விரலை நகர்த்தச் சொல்வதும் உண்டு. படத்தின் மேல் போலிப் படத்தை ஒட்டவைக்கும் மென்பொருள், நடுவே விரல் வந்தால் தடுமாறும் என்பதால் அந்தச் சோதனை. தலையை இடம் வலம் திருப்பச் சொல்வதும் இதற்காகத்தான்.

பாஸ்போர்ட் என்றால் படமிருக்கும் பக்கத்தின் அடியில் `<` குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்து. அது இயந்திரம் படிக்கும் பகுதி. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி நாள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சோதனை இலக்கம் அங்கே அடங்கியிருக்கிறது. அந்த இடத்தில் கட்டைவிரல் மறைத்தாலோ, வெளிச்சம் பட்டு ஓர் எழுத்து வெளுத்துப்போனாலோ சோதனை இலக்கம் ஒத்துவராது. உடனே "ஆவணம் படிக்கப்படவில்லை" என்று வரும். பாஸ்போர்ட்டை மேல் ஓரத்தில் பிடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடுதான் மாமாவின் இரண்டாவது அழைப்பு அந்தக் கட்டத்தைத் தாண்டியது.

பிறகு கேள்விகள். பிறந்த தேதி, முகவரி, இந்தக் கணக்கை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது, இப்படி. வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிப்போடுவார்கள், முன்பே பதிவுசெய்த வீடியோவை ஓடவிட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக. உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். "மகன் மாதாமாதம் அனுப்புகிறான், அதில் வாடகை கட்டுகிறேன்" என்பது முழுமையான பதில். சமாளித்து அழகாகச் சொல்லப்போனால்தான் அடுத்த கேள்வி வரும்.

ஆள் இல்லாத வகையில் திரையில் ஒரு நீள்வட்டம் தெரியும், முகத்தை அதற்குள் வைத்துக் கிட்டே, தள்ளி என்று நகர்த்தச் சொல்லும். சில நேரம் திரை பல நிறங்களில் மின்னும். தோலில் அந்த ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்து, எதிரே இருப்பது முகமா படமா என்று கணிக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அழைப்பு முடிந்தவுடன் வேலை முடியவில்லை

ஊழியர் "நன்றி, முடிந்தது" என்பார். அது அவருடைய பங்கு முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பதிவை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே கணக்கின் நிலை மாறும். அதுவரை 'பரிசீலனையில்' என்று காட்டும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி புதிதாக அனுப்பாதீர்கள். பல இடங்களில் ஒவ்வொரு புதிய முயற்சியும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும், சில தோல்விகளுக்குப் பின் தானியங்கி வழியே பூட்டிக்கொள்ளும்.

நிராகரித்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். "தெளிவில்லை", "படிக்கப்படவில்லை" என்றால் வெளிச்சத்தையும் பிடிக்கும் விதத்தையும் மாற்றி மறுபடி முயலலாம். "விவரம் பொருந்தவில்லை" என்றால் எத்தனை முறை முயன்றாலும் அதேதான் வரும். கோப்பைத் திருத்தும் வேலைக்குத் திரும்புங்கள். காரணமே சொல்லாமல் "முடிக்க இயலவில்லை" என்று மட்டும் வந்தால் தானியங்கி வழியை விட்டு ஒரு மனிதரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால்

பணம் போய்விடுமோ என்பதுதான் எல்லாருடைய முதல் பயம். உடனடியாகப் பணம் எங்கும் போய்விடாது. கதவுகள்தான் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாகக் காண்பதைச் சொல்கிறேன்.

முதலில் வரம்பு குறையும், அல்லது புதிய சேவைகள் நிற்கும். அடுத்து ஒரு திசை மூடும். சில இடங்களில் உள்ளே பணம் வராது, எடுக்க மட்டும் முடியும். இது நல்ல நிலை, வெளியேறவாவது வழி இருக்கிறது. வேறு சில இடங்களில் தலைகீழாக நடக்கும்: வரவு ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்க முடியாது. மாமாவுக்கு நேர்ந்தது இரண்டாவது. இதில் வலிப்பது, தானாகப் பிடிக்கும் தவணைகள்தான். கணக்கில் பணம் இருந்தும் அவருடைய காப்பீட்டு பிரீமியம் பிடிக்கப்படாமல் திரும்பியது. கணக்கைப் பற்றிய கவலையே இல்லாதிருந்த மனிதரை எழுப்பியது அந்தச் செய்திதான்.

அதற்கும் அசையாவிட்டால் முழு முடக்கம். லாகின் செய்யலாம், தொகையைப் பார்க்கலாம், தொட முடியாது. அதன்பின் நிறுவனம் உறவை முடித்துக்கொள்வதாக அறிவித்துக் கணக்கை மூடலாம். மூடும்போது மிச்சத்தை உங்கள் பெயரிலுள்ள வேறு கணக்குக்கு அனுப்புவார்கள். அதற்கும் நீங்கள்தான் நீங்கள் என்று காட்ட வேண்டும், அதாவது தவிர்த்த அதே சரிபார்ப்பு.

வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வேறொரு விதி வந்து சேரும். இந்தியாவில் இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பரிமாற்றம் இல்லாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டு உரிமை கோராமல் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை அழிவதில்லை, வங்கி மூலம் கோரிப் பெறலாம். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்தையும் முகவரியையும் நிரூபிக்கும் வேலை, இன்றைய இருபது நிமிட வீடியோவைப் போல இருக்காது.

ஏற்கெனவே முடங்கிவிட்டது என்றால்

கிளைக்கோ உதவி மையத்துக்கோ போய்ச் சத்தம் போடுவதில் பயனில்லை, பல இடங்களில் அங்கிருப்பவரால் உடனே முடக்கத்தை நீக்க முடியாது. எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, முடக்கத்துக்குக் காரணம் காலாவதியான கேஒய்சி மட்டும்தானா, வேறு விசாரணை ஏதும் உண்டா. இரண்டு, எந்த ஆவணம் எந்த வடிவத்தில் வேண்டும். மூன்று, கொடுத்த பிறகு எத்தனை வேலைநாளில் நிலை மாறும். முதல் கேள்விக்கு நேரான பதில் வராமல் மழுப்பினால், அது சாதாரணத் தவணைச் சரிபார்ப்பு இல்லை என்று ஊகிக்கலாம். அப்போது வருமானம் வந்த வழிக்கான ஆவணங்களையும் திரட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் அந்தக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும் தவணைகளின் பட்டியலை எடுத்து, அவசரமானவற்றை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். சம்பளமோ ஓய்வூதியமோ அங்கே வருகிறது என்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பதிவு எண், தேதி, பேசியவர் சொன்னது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாள் தாண்டியும் பதில் வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், அங்கும் தீராவிட்டால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனுக்கும் போக அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

மாமாவின் கணக்கு பெயர் திருத்தம் முடிந்த பிறகு மூன்றாவது அழைப்பில் திறந்தது. முதல் வேலையாகப் புதிய முகவரியைக் கொடுக்கச் சொன்னேன். "அதான் இப்ப வீடியோல சொன்னேனே" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தோம். பழைய வீட்டு முகவரியே இருந்தது.